தமிழ் ஒலியியல் வகுப்பிலிருந்து ஒலிக்குறி அட்டவணை: முழுமையான வழிகாட்டி

ஒரு மணி நேர வகுப்பு. ஆசிரியர் தமிழ் மெய்யொலிகளை ஒவ்வொன்றாகச் சொல்லிக்காட்டுகிறார், பலகையில் குறி எழுதுகிறார், நாக்கு எங்கே படுகிறது என்று விளக்குகிறார். அதை ஒலிக்குறி, எடுத்துக்காட்டுச் சொல், வாயின் நிலை என்று மூன்றும் அடங்கிய அட்டவணையாக்குவது எப்படி என்பதுதான் இங்கே. உயிரொலிகளை விட்டுவிட்டோம். அவற்றுக்கு வேறு வகை வரைபடம் வேண்டும். இரண்டையும் ஒரே தாளில் திணிப்பவர்கள் இரண்டையும் கெடுக்கிறார்கள்.

மெய்யெழுத்து 18 என்பதால் அட்டவணையும் 18 வரிசையோடு முடிந்துவிடும் என்று நினைத்துத்தான் பெரும்பாலோர் தொடங்குகிறார்கள். சரியாகச் செய்தால் 30 வரிசைக்குப் பக்கத்தில் வரும். ஏன் என்பது 4ஆம் பகுதியில்.

## 1. கையில் இருக்க வேண்டியவை

பதிவு. ஆசிரியரிடம் அனுமதி கேட்டுவிட்டு, முதல் பெஞ்சில் போனைத் துணி அல்லது நோட்டின் மேல் வையுங்கள். மரப்பலகை மேல் நேராக வைத்தால் பேனா வைக்கும் சத்தம்கூட இடியாக விழும். மின்விசிறிக்கு நேர்கீழே உட்காராதீர்கள். அதன் தாழ்ந்த இரைச்சல், [k]-வா [ɡ]-யா என்று காட்டும் குரல் அதிர்வை மூடிவிடும். எண்ணூர் நெடுஞ்சாலை ஓரத்து வகுப்பறை என்றால் கண்டெய்னர் லாரி போகும் நேரமெல்லாம் இதே கதைதான். சாலைப்பக்க ஜன்னலைச் சாத்தச் சொல்லுங்கள்.

போனில் வசதி இருந்தால் WAV வடிவில் பதியுங்கள். நண்பரிடமிருந்து வாங்குவதானால் வாட்ஸ்அப்பில் குரல்செய்தியாக வேண்டாம், கோப்பாக (Document) அனுப்பச் சொல்லுங்கள். குரல்செய்தி ஒலியைச் சுருக்கிவிடுவதால் முதலில் அடிபடுவது [s], [ʃ] போன்ற உரசொலிகள்தான்.

பலகைப் படங்கள். அழிக்கும் முன் ஒவ்வொரு முறையும் ஒரு படம். குறியின் வடிவத்தைப் பதிவிலிருந்து கண்டுபிடிக்க முடியாது.

கைக்கண்ணாடியும் டார்ச்சும். வாயின் நிலையை உங்கள் வாயிலேயே சரிபார்க்க.

எழுத்துரு. Charis SIL அல்லது Doulos SIL. இரண்டும் இலவசம், இரண்டிலும் எல்லா ஒலிக்குறிகளும் உண்டு. தமிழுக்கு வழக்கமாக நீங்கள் எதை வைத்திருக்கிறீர்களோ அதுவே போதும். ஆனால் குறிகளுக்கான கட்டங்களை மட்டும் தனியே தேர்ந்தெடுத்து Charis SIL ஆக்குங்கள். இல்லாவிட்டால் சில குறிகள் வெறும் பெட்டிகளாகத் தெரியலாம். ஜெராக்ஸ் கடைக் கணினியில் இந்த எழுத்துரு இருக்கும் என்று நம்ப முடியாது, அங்கே போவதற்கு முன் PDF ஆக்கிவிடுங்கள்.

பதிவைப் பார்க்க ஒரு மென்பொருள். Praat போதும். எப்போது அதைத் திறப்பது என்பது பின்னால் வரும். முதல் நாளே அதில் உட்கார்ந்தால் வேலை நகராது.

## 2. குறிகளைத் தட்டச்சு செய்யும் வழியை முதலில் சரிசெய்யுங்கள்

இதைக் கடைசிக்குத் தள்ளுபவர்கள் ɳ-க்குப் பதில் n, ʈ-க்குப் பதில் T என்று தற்காலிகமாகப் போட்டுவிட்டு, பிறகு எங்கெங்கே போட்டோம் என்று தேடுகிறார்கள். அதனால் அட்டவணையைத் தொடங்கும் முன்பே முடித்துவிட வேண்டிய வேலை இது.

மைக்ரோசாஃப்ட் வேர்டில் எண்ணைத் தட்டிவிட்டு Alt+X அழுத்தினால் குறி வரும். தமிழ் மெய்களுக்கு வேண்டியவை பெரும்பாலும் இவைதான்:

```
ʈ 0288    ɖ 0256    ɽ 027D
ɳ 0273    ɲ 0272    ŋ 014B
ɭ 026D    ɻ 027B    ɾ 027E
ʋ 028B    ɣ 0263    ɡ 0261
ʃ 0283    ʒ 0292    ɯ 026F
ð 00F0    ː 02D0    (பல் அடையாளம்) 032A
```

இதில் ஒரு கண்ணி உண்டு. எண்ணுக்கு முன்னால் a முதல் f வரையுள்ள ஓர் எழுத்து ஒட்டி நின்றால், வேர்டு அதையும் எண்ணின் பகுதியாக எடுத்துக்கொள்ளும். d எழுதி உடனே 032A தட்டினால் d̪ வராது, வேறு ஏதோ வரும். அப்போது எண்ணுக்கு முன் U+ சேர்த்து, dU+032A என்று தட்டி Alt+X அழுத்துங்கள். போனில் செய்பவர்கள் ipa.typeit.org பக்கத்தில் தட்டி நகலெடுக்கலாம்.

நெடிலுக்கும் இரட்டிப்புக்கும் முக்காற்புள்ளி போடாதீர்கள். ː என்பது தனிக்குறி. இரண்டு முக்கோணங்கள் ஒன்றையொன்று நோக்கி நிற்பதைப் பெரிதாக்கிப் பார்த்தால் தெரியும். முக்காற்புள்ளி கலந்துவிட்டால் பிறகு ‘kː எங்கெங்கே வருகிறது’ என்று தேடும்போது பாதி விடுபட்டுப் போகும்.

அடுத்து, கண்ணை ஏமாற்றும் மூன்று மூக்கொலிக் குறிகள். ɳ (ண): வலக்காலின் கொக்கி வெளியே வலப்பக்கம் போகும். ŋ (ங): அதே வலக்கால், ஆனால் கொக்கி உள்ளே இடப்பக்கம் மடங்கும். ɲ (ஞ): கொக்கி இடக்காலில் இருக்கும். பலகைப் படத்திலிருந்து நகலெடுக்கும்போது மிக அதிகமாக மாறுவது இந்த மூன்றும்தான். கையெழுத்து தெளிவில்லை என்றால் குறியை நம்பாமல், அந்த நேரத்தில் ஆசிரியர் சொன்ன சொல்லைக் கேட்டு முடிவு செய்யுங்கள்.

## 3. பதிவை மூன்று முறை, மூன்று வேலைக்காகக் கேளுங்கள்

வகுப்பு முழுவதையும் வார்த்தைக்கு வார்த்தை எழுதி வைக்க வேண்டாம். அதற்கு ஒரு நாள் போகும், அட்டவணைக்கு வேண்டியது அதில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது.

முதல் முறை: நேரம் மட்டும். புதிய ஒலி தொடங்கும் ஒவ்வோர் இடத்திலும் நிமிடத்தையும் நொடியையும் குறியுங்கள். ‘14:20 ட’, ‘17:05 ண’, அவ்வளவுதான். ஆசிரியர் ஒரே ஒலிக்கு இரண்டு மூன்று முறை திரும்பி வருவார். அந்த இடங்களையெல்லாம் ஒன்றாகச் சேர்க்க இந்தப் பட்டியல்தான் உதவும்.

இரண்டாம் முறை: சொற்கள். குறித்த இடங்களுக்கு மட்டும் போய், சொல்லிக்காட்டிய சொற்களை எழுதுங்கள். ‘கனா’, ‘ககரம்’ என்று எழுத்தின் பெயரைச் சொல்வதை எடுத்துக்காட்டாக எடுக்காதீர்கள். எழுத்தின் பெயரில் அந்த மெய் சொல்லின் தொடக்கத்தில் நிற்கிறது. தமிழ்ச்சொல்லின் தொடக்கத்தில் வரும் க எப்போதும் [k]. ஆசிரியர் அப்போது விளக்கிக்கொண்டிருப்பது ‘பகல்’ என்ற சொல்லில் வரும் க-வாக இருக்கலாம்.

மூன்றாம் முறை: வாய். ‘நாக்கு மேலே போகுது பாருங்க’ என்பது போன்ற வாக்கியங்களை அவர் சொன்னபடியே எழுதுங்கள். இப்போதே கலைச்சொல்லாக மாற்ற வேண்டாம். ‘மேலே’ என்பது பல்லடி மேடா, அண்ணத்தின் நடுவா என்பது அடுத்த வாக்கியத்தில்தான் தெரியவரும்.

பழைய இலக்கண மரபில் பேசும் ஆசிரியர் என்றால் ஒரு சொல்லில் கவனம் தேவை. க, ங இரண்டும் ‘முதல்நா அண்ணம்’ சேரப் பிறக்கும் என்பது தொல்காப்பியப் பிறப்பியல். இங்கே முதல் என்பது அடி. நாவின் பின்பகுதி. ‘முன்பகுதி’ என்று எழுதினால் க-வும் ட-வும் அட்டவணையில் இடம் மாறி உட்கார்ந்துவிடும். ச, ஞ இரண்டும் இடைநா. ட, ண இரண்டும் நுனிநா.

## 4. எழுத்தை ஒலிகளாகப் பிரியுங்கள்

மொத்த வேலையில் மூளைக்கு வேலை இங்கேதான். மற்றதெல்லாம் கைவேலை.

தமிழில் வல்லின எழுத்து ஒன்று, அது நிற்கும் இடத்தைப் பொறுத்து இரண்டு மூன்று ஒலிகளாகிறது. ஆகவே ஒவ்வொரு வல்லின எழுத்தையும் நான்கு இடங்களில் வைத்துச் சோதியுங்கள்: சொல்லின் தொடக்கம், இரட்டித்தல், மூக்கொலிக்குப் பின், இரண்டு உயிர்களுக்கு நடுவே. ஆசிரியர் நான்குக்கும் சொல் கொடுத்திருந்தால் நல்லது. கொடுக்காத இடத்தைக் காலியாக விட்டு, உங்கள் சொல்லைப் போடும்போது வேறு நிறத்தில் எழுதுங்கள். வகுப்பில் வந்தது எது, நீங்கள் சேர்த்தது எது என்பது கடைசிவரை தெரிய வேண்டும்.

| எழுத்து | தொடக்கம் | இரட்டிப்பு | மூக்கொலிக்குப் பின் | உயிர்களுக்கு நடுவே |
|---|---|---|---|---|
| க | [k] கடல் | [kː] பக்கம் | [ɡ] சங்கு | [ɣ] பகல் |
| ட | வராது | [ʈː] பாட்டு | [ɖ] வண்டி | [ɽ] பாடு |
| த | [t̪] தலை | [t̪ː] பத்து | [d̪] பந்து | [ð] காது |
| ப | [p] பல் | [pː] உப்பு | [b] பாம்பு | [b] கோபம் |

நான்காவது கட்டத்தில்தான் வகுப்புக்கு வகுப்பு வேறுபாடு வரும். ‘பகல்’ என்பதில் வருவதை ஒருவர் [ɣ] என்பார், இன்னொருவர் [h] என்பார். வேகத்தைப் பொறுத்து இரண்டும் வரும். ‘பாடு’ என்பதை மெதுவாகச் சொன்னால் [ɖ], இயல்பாகச் சொன்னால் நாக்கு தொட்டவுடன் விலகும் [ɽ]. உங்கள் ஆசிரியர் எதைக் கொடுத்தாரோ அதை முதலில் எழுதி, மற்றதைக் குறிப்பில் போடுங்கள். ஒரு வரிசையில் [ɖ], அடுத்ததில் [ɽ] என்று நீங்களாக மாற்றி மாற்றிப் போட்டால், படிப்பவர் இரண்டும் வெவ்வேறு ஒலியன்கள் என்று எடுத்துக்கொள்வார்.

ப-வுக்கு உயிர்களுக்கு நடுவே தமிழ்ச்சொல் தேடி நேரத்தைப் போக்காதீர்கள். அந்த இடத்தில் வருபவை பெரும்பாலும் கோபம், லாபம் போல வெளியிலிருந்து வந்த சொற்கள்தான். அதையே குறிப்பாக எழுதிவிடுங்கள்.

ச இந்தச் சட்டத்துக்குள் அடங்காது. ‘பச்சை’ [tʃː], ‘பஞ்சு’ [dʒ], ‘பாசம்’ [s]. தொடக்கத்தில் மட்டும் ஆளுக்கொன்று. ‘சட்டி’ என்பதைச் சென்னையில் பலர் [s] என்று தொடங்குவார்கள், சிலர் [tʃ] என்று. ஆசிரியர் எப்படிச் சொன்னார் என்று பதிவில் கேட்டே எழுதுங்கள்.

ற-வும் தனி. ‘பறவை’ என்பதில் [r]. ஏட்டுத் தமிழில் வாசித்தால் ‘காற்று’ [tːr], ‘கன்று’ [ndr]. பேச்சில் அவை ‘காத்து’, ‘கன்னு’ ஆகிவிடுவதால், [t] ஒலிக்குப் பேச்சுத் தமிழிலிருந்து எடுத்துக்காட்டு கிடைக்காது. வகுப்பில் வாசித்துக்காட்டிய உச்சரிப்பு என்று அந்த வரிசையில் எழுதிவைக்க வேண்டும்.

இன்னொரு தடுமாற்றம் சேர்க்கைச் சொற்கள். ‘ராயபுரம்’ என்பதில் ப இரண்டு உயிர்களுக்கு நடுவேதான் நிற்கிறது. ஆனால் அது ‘புரம்’ என்ற சொல்லின் தொடக்கம் என்பதால் ஊர்க்காரர் வாயில் [p] ஆகவே வரும். அட்டவணைக்குச் சொல் தேர்ந்தெடுக்கும்போது ஒற்றைச் சொற்களையே எடுங்கள்.

## 5. பலகையில் இருப்பது ஒலிக்குறியா, எழுத்துப்பெயர்ப்பா?

இரண்டையும் கலந்து எழுதும் ஆசிரியர்கள் நிறைய. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி பயன்படுத்தும் ḻ, ṟ, ṇ, ḷ போன்றவை எழுத்தைக் காட்டுபவை. உலக ஒலிக்குறி முறை ஒலியைக் காட்டுவது. ‘பகல்’ எழுத்துப்பெயர்ப்பில் pakal. அதில் உள்ள k அங்கே [k] ஒலிக்கிறது என்று சொல்லவில்லை, க என்ற எழுத்து இருக்கிறது என்று மட்டுமே சொல்கிறது.

மாற்றுவது எளிது: ṇ → ɳ, ḷ → ɭ, ḻ → ɻ, ṅ → ŋ, ñ → ɲ, ā → aː. வல்லின எழுத்துகளை மட்டும் இப்படி நேராக மாற்றாமல், மேலே உள்ள நான்கு இடச் சோதனை வழியாகவே அனுப்புங்கள்.

ஆங்கிலப் பழக்கத்தால் வழுக்கும் இடங்கள் இரண்டு. ய-வுக்கு ஒலிக்குறி [j]. [y] என்பது உதடு குவித்த ஓர் உயிரொலி. ஜ-வுக்கு [dʒ]. ‘பஞ்சு’ என்பதை [paɲju] என்று எழுதினால் அது ‘பஞ்யு’ என்று ஒலிக்கும்.

அடைப்புக்குறியையும் பாருங்கள். ஆசிரியர் /k/ என்று சாய்கோட்டுக்குள் எழுதினால் ஒலியனைச் சொல்கிறார், அதாவது பொருளை வேறுபடுத்தும் அலகு. [k], [ɡ], [ɣ] என்று சதுர அடைப்புக்குள் எழுதினால் அந்த ஒலியனின் மாற்றொலிகள். அட்டவணையில் ஒலியன் தலைப்பாகவும், மாற்றொலிகள் அதன் கீழ் வரிசைகளாகவும் போகும்.

## 6. வாயின் நிலை: நான்கு கேள்வி, ஒரே வரிசையில்

ஒவ்வொரு ஒலிக்கும் இதே வரிசையில் எழுதுங்கள்: நாவின் அல்லது உதட்டின் எந்தப் பகுதி, எந்த இடத்தைத் தொடுகிறது அல்லது நெருங்குகிறது, மூச்சு எந்த வழியாக வெளியேறுகிறது, குரல் அதிர்கிறதா. வரிசை மாறினால் இரண்டு ஒலிகளை ஒப்பிட முடியாது. ஒப்பிட முடியாத குறிப்பு பரீட்சைக்கு மனப்பாடம் செய்யத்தான் உதவும்.

ஆசிரியர் நான்கையும் சொல்லியிருக்க மாட்டார். விடுபட்டதை உங்கள் வாயில் சோதித்து நிரப்பலாம்.

குரல் அதிர்வு. தொண்டையில் விரல் வைப்பதைவிட இரண்டு காதையும் உள்ளங்கையால் மூடிக்கொள்வது நல்லது, அதிர்வு தலைக்குள் கேட்கும். ‘க’ என்று தனியாகச் சொல்லிச் சோதிக்காதீர்கள். பின்னால் வரும் அகரமே அதிரும் ஒலிதான், அது உங்களை ஏமாற்றும். ‘பக்கம்’, ‘பங்கம்’ என்று மாற்றி மாற்றிச் சொல்லுங்கள். முதலாவதில் நடுவே ஒரு கணம் அதிர்வு அறுந்துபோகும். இரண்டாவதில் அறுவதே இல்லை.

மூக்கு. மூக்கைப் பிடித்துக்கொண்டு ‘ம்ம்ம்’ என்று இழுக்கப் பாருங்கள். நின்றுவிடும். ‘ல்ல்ல்’ நிற்காது. ங, ஞ, ண, ந, ன, ம எல்லாம் நின்றுவிட வேண்டும்.

மூச்சின் வழி. ஒலியைச் சொல்லும் நிலையில் நாக்கை அப்படியே நிறுத்தி, வாய் வழியாக மூச்சை வேகமாக உள்ளே இழுங்கள். எங்கே சில்லென்று படுகிறதோ அதுதான் காற்று போகும் வழி. ல, ள, ழ மூன்றையும் பிரிக்க இதைவிடச் சுலபமான வழி இல்லை.

‘வால்’ என்று சொல்லி ல் நிலையில் நிறுத்துங்கள். நாக்கு நுனி மேற்பல்லின் பின்னுள்ள மேட்டைத் தொட்டிருக்கும். மூச்சை இழுத்தால் நாக்கின் இரண்டு பக்கமும் குளிரும், நுனி குளிராது. ‘வாள்’: நுனி பின்னே வளைந்து அந்த மேட்டுக்கும் பின்னால் வல்லண்ணத்தைத் தொடும். குளிர்வது இப்போதும் பக்கங்கள்தான். ‘வாழ்’: நுனி அதேபோல மேலே வளைந்தாலும் எதையும் தொடாது. குளிர்வது நாக்கின் நடுப்பகுதி. அதனால்தான் ல, ள இரண்டும் மருங்கொலி வரிசையில் போக, ழ அவற்றோடு சேராமல் தனி வரிசையில் [ɻ] ஆகப் போகிறது. மூன்றையும் ஒரே கட்டத்தில் போட்டிருக்கும் அட்டவணை ஒலியைக் கேட்டுச் செய்ததல்ல, எழுத்தைப் பார்த்துச் செய்தது.

ழ சொல்லும்போது பக்கங்கள்தான் குளிர்கின்றன என்றால் நீங்கள் ள சொல்கிறீர்கள். வடசென்னையில் இது சாதாரணம். அட்டவணையில் அதை என்ன செய்வது என்பதை 8ஆம் பகுதியில் பாருங்கள்.

## 7. ஒரு துண்டு, முழுமையாக

வகுப்பின் ஒரு பகுதி இப்படி இருப்பதாக வைத்துக்கொள்வோம். நேரம் 14:20. ஆசிரியர் சொல்கிறார்: ‘டகரத்துக்கு நுனிநாக்கு மேலே வளைஞ்சு அண்ணத்தைத் தொடணும். பாட்டு. வண்டி. பாடு. மூணும் ஒண்ணு இல்ல, கவனிங்க.’ பலகையில் /ṭ/ என்று எழுதியிருக்கிறார்.

முதலில் பலகை. ṭ எழுத்துப்பெயர்ப்புக் குறி. ஒலியன் தலைப்பு /ʈ/ ஆகும். அடுத்து சொற்கள். ‘பாட்டு’ இரட்டிப்பு, ‘வண்டி’ மூக்கொலிக்குப் பின், ‘பாடு’ உயிர்களுக்கு நடுவே. தொடக்கம் இல்லை. அது விடுபட்டதல்ல, தமிழ்ச்சொல் ட-வில் தொடங்காது. கட்டத்தைக் காலியாக விடாமல் ‘வராது’ என்று எழுதுங்கள்.

பிறகு வாய். ‘மேலே’ என்றது அண்ணம் என்று அவரே சொல்லிவிட்டார். மூச்சு வழியும் குரலும் சொல்லப்படவில்லை. காதை மூடிச் சோதித்தால் ‘பாட்டு’ என்பதில் அதிர்வு அறுகிறது, மற்ற இரண்டிலும் தொடர்கிறது. இப்போது மூன்று வரிசை கிடைக்கிறது:

| குறி | சொல் | ஒலிபெயர்ப்பு | வாயின் நிலை | நேரம் |
|---|---|---|---|---|
| [ʈː] | பாட்டு | [paːʈːɯ] | நுனிநா வளைந்து வல்லண்ணத்தைத் தொட்டு நிற்கும். காற்று முழுதும் அடைபட்டுத் திறக்கும். குரல் இல்லை | 14:20 |
| [ɖ] | வண்டி | [ʋaɳɖi] | தொடும் இடம் அதுவே, ண-வில் தொட்ட நாக்கு விலகுவதில்லை. மூக்கு வழி மூடி வாய் திறக்கும். குரல் உண்டு | 14:20 |
| [ɽ] | பாடு | [paːɽɯ] | நுனிநா அதே இடத்தை ஒரு தட்டுத் தட்டி விலகும். குரல் உண்டு | 14:20 |

சொல்லின் இறுதியில் வரும் உகரத்துக்கு [ɯ] போட்டிருப்பதைக் கவனியுங்கள். ‘பாட்டு’ முடியும்போது கண்ணாடியில் பார்த்தால் உதடு குவிந்திருக்காது. [u] என்றால் குவிய வேண்டும்.

நேரத்துக்கென்று ஒரு பத்தியை ஒதுக்கச் சொல்வது அலங்காரத்துக்கு அல்ல. யாராவது ‘பாடு’ என்பதில் [ɖ] தானே என்று கேட்டால், அந்த நொடியைத் திறந்து போட்டுக்காட்டலாம். Praat-ஐத் திறக்க வேண்டியதும் இங்கேதான். [ɖ] என்றால் அலைவடிவத்தில் அடைப்புக்கான ஒரு தாழ்ந்த பகுதி தெளிவாக இருக்கும். [ɽ] என்றால் அது மிகக் குறுகிய ஒரு பள்ளமாகத் தெரியும். சந்தேகமுள்ள ஐந்தாறு இடங்களுக்கு மட்டும் இதைச் செய்தால் போதும்.

## 8. ஆசிரியர் சொன்னது ஒன்று, ஊரில் கேட்பது இன்னொன்று

வகுப்பில் ‘பழம்’ [paɻam]. தெருவில் ‘பளம்’, ‘பயம்’ இரண்டும் கேட்கும். ‘இழுத்து’ என்பது ‘இஸ்து’ ஆகிவிடும். ‘அரை’, ‘அறை’ இரண்டுக்கும் வேறுபாடு காட்டாதவர்களே அதிகம், இரண்டிலும் [ɾ] தான். ‘நாய்’ என்பதன் ந-வைப் பல்லில் வைத்துச் சொல்ல வேண்டும் என்று ஆசிரியர் [n̪] எழுதுவார். ஆனால் பலர் வாயில் அது ன-வைப் போலவே பல்லடி மேட்டில் விழும்.

இங்கே புதியவர்கள் இரண்டு விதமாகத் தவறுகிறார்கள். ஒரு சாரார் தங்கள் பேச்சில் இல்லை என்பதால் [ɻ] வரிசையையே நீக்கிவிடுகிறார்கள். இன்னொரு சாரார் அட்டவணைக்குச் சொல் தேடும்போது தங்கள் வாயில் வருவதை அப்படியே [ɻ] என்று எழுதிவிடுகிறார்கள். வாயின் நிலைக் குறிப்பையும் தங்கள் ள-வை வைத்தே எழுதுவதால் குறி ஒன்றும் குறிப்பு வேறொன்றுமாகிறது.

இதற்கு ஒரே தீர்வு இன்னொரு பத்தி: ‘வட்டாரப் பேச்சில்’. முதன்மை வரிசை வகுப்பைச் சொல்லும், இந்தப் பத்தி ஊரைச் சொல்லும். ‘பழம்’ வரிசையில் [ɭ], [j] என்று இரண்டையும் போடுங்கள். வாயின் நிலை எழுதும்போது ழ-வைத் தெளிவாகச் சொல்லும் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், அல்லது பதிவையே நம்புங்கள்.

இதே காரணத்துக்காக ம-வுக்கு எடுத்துக்காட்டாகச் சொல்லிறுதி ம் வேண்டாம். ‘மரம்’ என்பதன் முதல் ம-வில் உதடு மூடும். கடைசி ம், பேச்சில் உதடு மூடாமல் உயிரையே மூக்கொலியாக்கிவிட்டுப் போய்விடும். [m] வரிசைக்கு ‘மலை’, ‘அம்மா’ போதும்.

## 9. தாளில் அமைப்பது

இரண்டு தாள்கள். முதல் தாளில் கட்ட அட்டவணை: மேலே இடம், பக்கவாட்டில் முறை. இடங்கள் இடமிருந்து வலமாக உதட்டில் தொடங்கித் தொண்டையை நோக்கிப் போகும்: ஈரிதழ், பல்லிதழ், பல், பல்லடி மேடு, வளைநா, இடையண்ணம், கடையண்ணம். முறைகள் மேலிருந்து கீழாக: அடைப்பொலி, மூக்கொலி, ஆடொலி, வருடொலி, உரசொலி, நெருக்கொலி, மருங்கொலி. [tʃ], [dʒ] போன்ற அடைப்புரசொலிகளை அடைப்பொலி வரிசையிலேயே இடையண்ணத்துக்குக் கீழே போட்டு ஓர் அடிக்குறிப்பு எழுதுங்கள். ஒரு கட்டத்தில் இரண்டு குறி இருந்தால் குரலில்லாதது இடப்பக்கம், குரலுள்ளது வலப்பக்கம். இந்த ஒழுங்கு உலக ஒலிக்குறி அட்டவணையில் உள்ளதுதான். மாற்றினால் மற்றவர்களால் அதைப் படிக்க முடியாது.

இரண்டாம் தாளில் விரிவான பட்டியல். வரிசையை அகர முறையிலோ கசடதபற முறையிலோ வைக்காமல், முதல் தாளின் இட வரிசையிலேயே வையுங்கள். அப்போதுதான் [t̪], [t], [ʈ] மூன்றும் அதே வரிசையில் வந்து, நாக்கு எவ்வளவு பின்னே போகிறது என்பது படிக்கும்போதே தெரியும். A4 தாளைக் கிடைமட்டமாகப் பயன்படுத்துங்கள். குறிகள் 14 புள்ளி அளவுக்குக் குறையக் கூடாது. அதற்குக் கீழே போனால் ஜெராக்ஸில் ɳ, ŋ இரண்டின் கொக்கியும் கரைந்துபோகும்.

## 10. அட்டவணை வேலை செய்கிறதா என்று பார்ப்பது

வகுப்புக்கு வராத ஒருவரிடம் கொடுத்து, அவருக்குப் பழக்கமான சில ஊர்ப்பெயர்களின் மெய்யொலிகளை மட்டும் அட்டவணையைப் பார்த்து எழுதச் சொல்லுங்கள். ஊர்ப்பெயர்கள் இதற்கு நல்ல சோதனை. எழுத்து ஒன்றாகவும் ஒலி வேறாகவும் இருக்கும் இடங்கள் அவற்றில் வரிசையாக வரும், எடுத்துக்காட்டுப் பட்டியலில் இல்லாததால் பார்த்து எழுதவும் முடியாது.

- கொருக்குப்பேட்டை: k – ɾ – kː – pː – ʈː
- கொடுங்கையூர்: k – ɽ – ŋɡ – j – ɾ
- தண்டையார்பேட்டை: t̪ – ɳɖ – j – ɾ – p – ʈː
- கொளத்தூர்: k – ɭ – t̪ː – ɾ
- புழல்: p – ɻ – l

கொடுங்கையூரில் அவர் [k] இரண்டு முறை எழுதினால், மூக்கொலிக்குப் பின் என்ற வரிசை உங்கள் தாளில் கண்ணில் படவில்லை என்று பொருள். தண்டையார்பேட்டையில் [p]-க்குப் பதில் [b] எழுதினால் சேர்க்கைச் சொல் பற்றிய குறிப்பு இல்லை. திருவொற்றியூரைக் கொடுத்துப் பாருங்கள்: [tːr] என்று எழுதிவிட்டு, ‘ஆனா நாங்க திருவொத்தியூர்னுதானே சொல்லுவோம்’ என்று கேட்டால், ற வரிசையில் வட்டாரப் பேச்சுக் கட்டம் காலியாக இருக்கிறது. [t̪ː] என்று நிரப்பிவிட்டு அச்சுக்கு அனுப்புங்கள்.